கசந்த டம்ளரைக் கீழே வையுங்கள்: 2010 தில்லிச் சம்பவமும் சுரைக்காய்ச் சாறும்

2010ஆம் ஆண்டின் நடுவில் தில்லியில் ஒரு கணவனும் மனைவியும் தாங்கள் வழக்கமாகக் குடிக்கும் சாற்றைக் குடித்தார்கள். கணவர் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரில் விஞ்ஞானி. அறுபதை நெருங்கியவர், சர்க்கரை நோயாளி. சுரைக்காயைப் பிழிந்து அதில் பாகற்காய்ச் சாற்றைக் கலந்து குடிப்பது அவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். அன்று குடித்த பிறகு இருவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனைவி பிழைத்துக்கொண்டார். கணவர் இறந்துபோனார்.

மறுநாள் செய்தியைப் படித்தவர்களில் பெரும்பாலோர் பூச்சிமருந்து என்றோ, காயில் ஊசி போட்டிருப்பார்கள் என்றோதான் முதலில் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சுரைக்காய் நமக்குப் பத்தியக் காய். காய்ச்சல் விட்டவருக்குக் கூட்டு வைத்துக் கொடுப்போம், பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துப் போடுவோம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீராகவே இருக்கும் அந்தக் காய் ஒரு ஆளைக் கொல்லும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் வெளியிலிருந்து எதையும் அதற்குள் யாரும் செலுத்த வேண்டியதில்லை. நஞ்சு அந்தச் செடியின் சொந்தச் சரக்கு.

அதன் பெயர் குக்குர்பிட்டாசின். பூசணி, வெள்ளரி, பீர்க்கு, புடல், தர்ப்பூசணி, சுரை என்று விரியும் குடும்பம் முழுவதற்கும் பொதுவான கசப்புப் பொருள் அது. இலையைத் தின்ன வரும் பூச்சியையும் காயைக் கடிக்க வரும் விலங்கையும் விரட்டச் செடி அதைச் செய்துவைத்துக்கொள்கிறது. காட்டில் தானாக முளைக்கும் கொடிகளில் அது நிறைய இருக்கும். மனிதன் பல ஆயிரம் ஆண்டுகளாகக் கசக்காத காயின் விதையை மட்டும் எடுத்து விதைத்து விதைத்து, காயில் அந்தக் கசப்பு ஊறாத கொடிகளை உண்டாக்கிக்கொண்டான். கசப்பைச் செய்யும் திறமை செடியிலிருந்து அழிந்துவிடவில்லை, காயில் மட்டும் அடங்கிக் கிடக்கிறது. தமிழில் இந்த வேறுபாட்டுக்கு வேதியியல் வருவதற்கு வெகுகாலம் முன்பே சொல் இருந்தது. உண்ணும் சுரைக்கு அருகிலேயே பேய்ச்சுரை என்று ஒன்றைச் சொல்வார்கள். பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி எல்லாம் அதே வரிசை. உருவம் ஒன்றாக இருந்து வாயில் வைக்க முடியாதபடி கசப்பதற்குத்தான் இந்தப் ‘பேய்’ அடைமொழி. நாட்டு வைத்தியத்தில் பேய்ச்சுரைக்கு இடம் உண்டு. அது வாந்திக்கும் பேதிக்கும் கொடுத்த மருந்து என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தில்லித் தம்பதிக்கு நேர்ந்தது அதே வாந்தியும் பேதியும்தான், அளவு மீறியபோது.

சந்தையில் வாங்கும் நல்ல சுரைக்காய் எப்படிக் கசப்பாகிறது என்பதற்குக் காரணம் ஒன்றல்ல. கொடி தண்ணீரில்லாமல் வாடினாலும், கடும் வெயிலில் தவித்தாலும், மண் வளம் கெட்டிருந்தாலும் காயில் கசப்பு ஏறலாம். முற்றிய காயிலும், பறித்துச் சரியாக வைக்கப்படாமல் கிடந்த காயிலும் கூடலாம். இன்னொரு வழி விதை. சுரைப்பூ மாலையில் விரிந்து, பூச்சிகளால் மகரந்தம் சேருகிறது. பக்கத்து வேலியில் காட்டுச்சுரை படர்ந்திருந்தால் அதன் மகரந்தம் நம் பூவுக்கு வந்துவிடும். அப்படி உண்டான காயைச் சமைத்தால் தெரியாது, ஏனென்றால் சதை தாய்க்கொடியுடையது. அந்தக் காயின் விதையை எடுத்து அடுத்த ஆடிப்பட்டத்தில் ஊன்றினால், முளைத்த கொடியின் காய்கள் கசக்கும். இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. கசக்காத இரண்டு ரகங்களைக் கலந்தாலும், ஒன்றில் இல்லாத மரபணு மற்றொன்றில் இருந்து, பிள்ளைக் கொடி கசப்பாகப் பிறக்கலாம். ஆகவே விற்றவரையோ விளைவித்தவரையோ குற்றம் சொல்ல எதுவும் இல்லாமலே ஒரு கசப்புக்காய் கூடைக்குள் வந்து சேர்ந்துவிடும். பார்வைக்கு அதில் எந்த அடையாளமும் இருக்காது. அதே பச்சை, அதே வழவழப்பு, நகம் பதிந்தால் இறங்கும் அதே பிஞ்சுத்தன்மை.

தில்லிச் சம்பவத்தில் இரண்டு செய்திகள் என்னை நிறுத்தின. ஒன்று, அவர்கள் பல ஆண்டுகளாகக் குடித்துவந்தவர்கள் என்பது. ‘நான் தினமும் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பது எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. ஆயிரம் காய் நல்லதாக இருந்தது, ஆயிரத்தோராவது காயைப் பற்றி எதுவும் சொல்லாது. உடம்பு இந்த நஞ்சுக்குப் பழகிக்கொள்வதும் இல்லை. இரண்டாவதுதான் பெரியது: பாகற்காய்.

பாகற்காயும் இதே குடும்பத்துக் கொடிதான். அதன் கசப்பும் இந்த வேதிப்பொருளுக்குத் தூரத்து உறவுதான், ஆனால் நாம் பொரியலாகவும் குழம்பாகவும் காலங்காலமாக உண்டுவருகிற, உடம்பு தாங்குகிற உறவு. சுரைக்காயின் கசப்பு அப்படியல்ல. நாக்குக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. டம்ளரில் ஏற்கெனவே பாகற்காய் இருந்தால், கசக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வாயில் வைக்கிறோம். எதிர்பார்த்தபடியே கசக்கிறது. அந்தக் கசப்பில் எவ்வளவு பாகற்காயுடையது, எவ்வளவு சுரைக்காயுடையது என்று யாரால் சொல்ல முடியும்? குக்குர்பிட்டாசினை நாக்கு கண்டுபிடிப்பது ஒரு அதிசயம். கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே அது நாவில் படும். வீட்டில் வேறு எந்தச் சோதனையும் இதற்கு இல்லை. பெரும்பாலான மருத்துவமனைகளிலும் ரத்தத்தில் இதை அளந்து பார்க்கும் வசதி இல்லை. இருக்கிற ஒரே கருவி நாக்கு. அதன் மேல் பாகற்காய்ச் சாற்றை ஊற்றினால், எச்சரிக்கை மணியின் நாவைத் துணியால் கட்டியதுபோல் ஆகிவிடுகிறது.

சம்பவத்துக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. குழுவின் முடிவுகள் 2012இல் அதன் ஆய்விதழில் வந்தன. கசப்பான சுரைக்காய்ச் சாற்றால் மூவர் இறந்ததும், 26 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் அதில் பதிவாகியிருந்தன. பரிந்துரைகள் மிகச் சுருக்கமானவை. பிழிவதற்கு முன்பு காயில் ஒரு துண்டை நறுக்கிச் சுவைத்துப் பாருங்கள். கசந்தால் காயைத் தூக்கி எறியுங்கள். கசக்கும் சாற்றைக் குடிக்காதீர்கள். வேறு சாற்றோடு கலக்காதீர்கள். குடித்த பிறகு குமட்டலோ வாந்தியோ பேதியோ ஏதேனும் அசௌகரியமோ ஏற்பட்டால் உடனே அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இதில் எந்த வரியும் எனக்கு வியப்பளிக்கவில்லை. பீர்க்கங்காயையும் வெள்ளரிக்காயையும் ஒரு ஓரத்தை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் அம்மா சட்டியில் போடுவார். ஏன் என்று கேட்டால், ‘ஒரு காய் கசந்தால் குழம்பு முழுக்கக் கெட்டுப்போகும்’ என்பார். அவருக்குக் குழம்பைப் பற்றித்தான் கவலை. ஆனால் செய்தது சரியான காரியம்.

சமையலில் வராத ஆபத்து சாற்றில் ஏன் வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சமைத்தால் நஞ்சு போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், போகாது. கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் குக்குர்பிட்டாசின் அப்படியே இருக்கும். வேறுபாடு உண்ணும் முறையில் இருக்கிறது. ஒரு காயைக் கூட்டு வைத்தால் நான்கு பேர் பங்கிட்டு, சோற்றோடு பிசைந்து, மென்று தின்கிறார்கள். கசந்தால் முதல் கவளத்திலேயே யாராவது ஒருவர் முகத்தைச் சுளித்து, கிண்ணத்தை நகர்த்திவிடுவார். அத்தோடு முடிந்தது. சாறாக்கினால் முக்கால் கிலோ காய் முழுவதும் ஒரே ஆளின் டம்ளருக்குள் இறங்கிவிடுகிறது. அதுவும் விடிகாலை வெறும் வயிற்றில். மெல்லுவது இல்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று இறக்குகிறோம். நாக்கு முறையிடுவதற்குள் பாதி டம்ளர் வயிற்றில் இருக்கும். அதற்கு மேல் மனசு வேறு கட்டாயப்படுத்துகிறது. நம்முடைய வளர்ப்பே அப்படி: கசாயம், நிலவேம்பு, வேப்பங்கொழுந்து எல்லாம் கசப்பாகத்தான் இருந்தன, கசந்ததால்தான் மருந்து என்று நம்பினோம். வாயில் வைத்த மருந்தைத் துப்பினால் தலையில் குட்டு விழுந்த பிள்ளைகள் நாம். மெரினாவிலும் பூங்காக்களின் வாசலிலும் காலையில் அருகம்புல், வாழைத்தண்டு, சுரைக்காய்ச் சாறு விற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். அங்கே ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தால் பக்கத்தில் இருப்பவர், ‘கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுங்கள், உடம்புக்கு நல்லது’ என்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த அறிவுரை நேர் எதிராக இருக்க வேண்டும்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, காய்க்குக் காய் நஞ்சின் அளவு மாறும். இந்திய மருத்துவமனைகளிலிருந்து வெளிவந்த நோயாளிப் பதிவுகளில் 50 மில்லியிலிருந்து 300 மில்லி வரை குடித்தவர்கள் இருக்கிறார்கள். 50 மில்லி என்பது ஒரு சின்னக் காபி டம்ளரில் பாதி. ஆகவே ‘கொஞ்சம்தானே’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

உள்ளே நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். குடித்த சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைவதுபோல் வலி, குமட்டல், பிறகு நிற்காத வாந்தி. பேதியும் சேர்ந்துகொள்ளும். நஞ்சு இரைப்பையின் உட்தோலை அரித்துப் புண்ணாக்குவதால் பலருக்கு வாந்தியில் ரத்தம் வருகிறது. உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தால் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் சிராய்ப்புகளும் புண்களும் தெரியும். இதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாதது. நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தில் இருக்கும் நீர் வெளியே கசிகிறது. ஏற்கெனவே வாந்தியிலும் பேதியிலும் நீர் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். கை கால் சில்லிட்டு, வியர்த்து, எழுந்து நின்றால் தலை சுற்றி விழுபவர்கள் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள். முதியவர், இதய நோயாளி, சிறுநீரகம் பலவீனமானவர், அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு இந்த இறக்கத்தைத் தாங்கும் இருப்பு குறைவு.

இதற்கு முறிமருந்து கிடையாது. நரம்பு வழியாக நீர் ஏற்றி அழுத்தத்தைக் காப்பது, வாந்தியை நிறுத்துவது, அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துப் புண் ஆற விடுவது, தேவைப்பட்டால் அழுத்தத்தை உயர்த்தும் மருந்தைச் செலுத்துவது, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ரத்தப் பரிசோதனையில் கவனித்துக்கொண்டிருப்பது ஆகியவைதான் சிகிச்சை. நேரத்தோடு வந்தவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள்.

நேரம் வீணாவது பெரும்பாலும் அடையாளம் காண்பதில்தான். வாந்தியும் பேதியும் என்று வருபவரைப் பார்த்ததும் ‘நேற்று ஓட்டலில் என்ன சாப்பிட்டீர்கள்’ என்பதே முதல் கேள்வியாக வரும். கெட்டுப்போன உணவால் வரும் வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். குடித்த சில நிமிடங்களில் தொடங்கினால் அது வேறு கதை. சாற்றை யாரும் சொல்வதில்லை. அதை நோயாளி மனதில் உணவாகவும் வைத்திருப்பதில்லை, விஷமாகவும் வைத்திருப்பதில்லை. ‘ஆரோக்கியத்துக்காக’ என்ற கணக்கில் எங்கோ தனியாக இருக்கிறது. எனவே மருத்துவமனை வாசலிலேயே ‘சுரைக்காய்ச் சாறு குடித்தேன், கசந்தது, இத்தனை மணிக்குக் குடித்தேன், இவ்வளவு குடித்தேன்’ என்று சொல்லிவிட வேண்டும். மிச்சச் சாறும் காயின் தோலும் இருந்தால் ஒரு பையில் எடுத்துப் போகலாம். வீட்டிலேயே விரலை விட்டு வாந்தி எடுப்பது, மோர் குடித்துக் காத்திருப்பது, நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்துவிடுவது எதுவும் வேண்டாம்.

ஐந்து ஆண்டுகள் கழித்து இதே கதை ஜெர்மனியில் நடந்தது. அங்கே காய் சுரைக்காய் அல்ல, வெள்ளரிக்காய்போல் இருக்கும் பூசணி வகைக் காயான சுக்கினி. 2015 ஆகஸ்டில் ஹைடன்ஹைம் என்ற ஊரில் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினியைச் சமைத்து ஒரு முதிய தம்பதி சாப்பிட்டார்கள். அது கசந்தது. மனைவி கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். 79 வயதான கணவர் தன் பங்கை உண்டார். மனைவி பிழைத்தார், கணவர் இறந்தார். சமைத்ததால் நஞ்சு போகவில்லை என்பதற்கும், பாதியில் நிறுத்துவது எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கும் இது ஒரே சம்பவத்தில் இரண்டு சான்று. தில்லியில் மனைவி பிழைத்ததற்கு அளவுதான் காரணமா என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஹைடன்ஹைமில் அதைச் சொல்லலாம். பிரான்சில் கசப்பான பூசணிச் சூப்பைக் குடித்த ஒரு பெண்ணுக்கு வாந்தி நின்ற பிறகு, ஒரு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியதை 2018இல் ஒரு தோல்நோய் இதழில் பதிவுசெய்திருக்கிறார்கள். இது நம் சுரைக்காயில் மட்டும் இருக்கும் கோளாறு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, என் அடுக்களையில் நான் செய்வது. காயைக் கழுவி, காம்புப் பக்கம் ஒரு விரற்கடை வெட்டி எறிகிறேன். அடுத்து காம்பருகே ஒரு மெல்லிய சில்லு, நடுவில் ஒன்று, பூ விழுந்த முனையில் ஒன்று. கசப்பு காய் முழுவதும் ஒரே அளவில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லாததால் மூன்று இடம். தோலோடு சேர்த்து, பொட்டு அளவுதான். நாக்கில் வைத்து மெதுவாக மென்று, விழுங்காமல் துப்பிவிடுகிறேன். உடனே அடுத்ததுக்குப் போவதில்லை. இந்தக் கசப்பு சற்றுத் தாமதித்தும் வரும், வந்தால் தொண்டையடியில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும். நல்ல சுரைக்காய் பச்சையாகத் தின்றால் வெள்ளரியைப்போல் சப்பென்று, லேசான புல் வாசனையோடு இருக்கும். கசப்பு என்று ஒன்று அதில் இருக்கவே கூடாது. ‘லேசாகக் கசக்கிறது, பரவாயில்லை’ என்ற படிநிலை சுரைக்காய்க்குக் கிடையாது. வயதான பிறகு நாக்கின் கூர்மை மழுங்கும். சளி பிடித்திருந்தாலும் அப்படித்தான். என் மாமனாருக்குச் சாறு வேண்டும் என்றால் காயைச் சுவைப்பது நான்தான், அவர் அல்ல.

காயைச் சுவைக்காமல் பிழிந்தாகிவிட்டது, அல்லது கடையில் வாங்கிய டம்ளர் கையில் இருக்கிறது என்றால் முதல் வாயை விழுங்காமல் நாக்கில் சுழற்றிப் பார்ப்பதுதான் மிச்சம் இருக்கும் வாய்ப்பு. கசந்தால் அங்கேயே துப்பலாம். தெருவில் துப்புவது அசிங்கம் என்று கூச்சம் வந்தால் டம்ளருக்குள்ளேயே துப்புங்கள், எப்படியும் அதை யாரும் குடிக்கப்போவதில்லை. பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, அடுத்த ஒரு மணி நேரம் வயிறு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கொடுத்த காசு போகட்டும். எலுமிச்சையும் உப்பும் தேனும் சேர்த்துக் கசப்பை மறைத்து மீதியைக் குடிக்கும் யோசனைதான் வரக்கூடாதது.

கசந்த காயை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாமல் குழியில் புதைத்துவிடலாம். தோட்டம் வைத்திருப்பவர்கள் அந்தக் கொடியில் தொங்கும் மற்ற காய்களையும் பறிக்காமல் கொடியையே பிடுங்கிவிட வேண்டும், ஒரு கொடியின் காய்கள் பெரும்பாலும் ஒரே குணத்தோடுதான் இருக்கும். அதில் முற்றிய காய் இருந்தால் அழகாக இருக்கிறதே என்று உலர்த்திக் குடுக்கை செய்துகொள்ளத் தடையில்லை. விதையை மட்டும் சாம்பலில் புரட்டி அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்க வேண்டாம்.